ரெண்டு ஷீட்டா, மூணு ஷீட்டா?

"நாலு கீழ் கேபினெட், தலா 2 அடி அகலம், 2 அடி ஆழம், 720 மிமீ உயரம். என் கணக்கில் 8க்கு 4 பிளைவுட் ரெண்டு போதும், ஆசாரி மூணு கேட்கிறார். ஏமாற்றுகிறாரா?"

இல்லைங்க, 2 அடி ஆழம் என்று பிடிவாதமாக இருந்தால் அவர் சொல்வதுதான் சரி. ஷீட் 2440க்கு 1220 மிமீ, அதில் 610 மிமீ பட்டை ரெண்டு வராது, ஏனென்றால் ரம்பமே ஒவ்வொரு வெட்டுக்கும் மூணு நாலு மிமீ தின்றுவிடும்.

ஆழத்தை 560 ஆக்குங்கள். கதவும் மேல் கல்லும் முன்னால் நீட்டிக்கொண்டு வருவதால் 2 அடி கல்லுக்கு இதுவே போதும். இப்போது ஷீட்டுக்கு ரெண்டு பட்டை, மொத்தம் நாலு. பக்கப் பலகை எட்டையும் மூணு பட்டையில் 3, 3, 2 என்று வெட்டலாம். நாலாவது பட்டையில் அடிப்பலகை நாலும் அடங்கும், ஒவ்வொன்றும் 574 மிமீ (610இல் ரெண்டு பக்க 18 மிமீ போக). ரெண்டே பலகை எடுத்த பட்டையில் மீதி கிட்டத்தட்ட 1 மீட்டர், ஒரு தட்டுக்கு ஆகும்.

ஒவ்வொரு ஷீட்டின் ஓரத்திலும் சுமார் 90 மிமீ மிஞ்சும், தூக்கிப் போட்டுவிடாதீர்கள்! மேலே முழுப் பலகைக்குப் பதில் முன்னும் பின்னும் வைக்கும் குறுக்குச் சட்டம் எட்டும் அதிலேயே கிடைக்கும்.

கதவுகளும் பின்பலகையும் இதில் சேராது. அப்புறம், வெட்டும் முன் தடிமனை அளந்து பாருங்கள், 18 என்று விற்பது 17 சொச்சமாக இருந்தால் அந்த 574 மாறும்.