டோஃபு: எண்ணெயில் தெறிப்பதும் டப்பாவில் கொழகொழப்பதும்

கேள்வி: மதுரைக்குப் போனபோது இரண்டு டோஃபு பாக்கெட் வாங்கி வந்தேன். ஒன்றில் ஃபர்ம், இன்னொன்றில் சில்க்கன் என்று போட்டிருந்தது. தண்ணீர் வடியட்டும் என்று அம்மிக் குழவியை மேலே வைத்தேன். சில்க்கன் கூழாகிவிட்டது, ஃபர்ம் ஓரமெல்லாம் விரிசல் விட்டு, எண்ணெயில் போட்டதும் தெறித்தது. மிச்சத்தை எவர்சில்வர் டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் வைத்தால் மூன்றாம் நாள் கொழகொழவென்று புளித்த வாடை. எதை வாங்குவது, எப்படி வைத்துக்கொள்வது?
- வாசகி, கீழக்கரை

பதில்: சில்க்கன் டோஃபு என்பது கெட்டித்தயிர் மாதிரி. சோயாப் பாலை அந்த டப்பாவுக்குள்ளேயே உறைய வைத்துவிடுகிறார்கள். தண்ணீர் முழுக்க அந்த உறைவுக்குள்ளேயே இருக்கிறது. எவ்வளவு மெதுவாக அழுத்தினாலும் அது உடையுமே தவிர வடியாது. ஃபர்ம் அப்படியில்லை. பாலைத் திரித்து, திரிந்ததைத் துணியில் கட்டி, பாரம் வைத்துப் பிழிந்து செய்வது. பன்னீர் செய்கிற அதே வழிதான். சில கடைகளில் சோயா பன்னீர் என்றே விற்பார்கள். மசாலா தடவி வறுக்க, புளிக்குழம்பில் போட ஃபர்ம்தான் வேண்டும். சூப்பில் கடைசியாகச் சேர்க்கவோ, பழத்தோடு மிக்ஸியில் அடிக்கவோ மட்டும் சில்க்கன் வாங்குங்கள்.

ஃபர்ம் பாக்கெட்டிலும் தண்ணீர் மிச்சம் இருக்கும், அதுதான் தெறித்தது. குழவி உருண்டையானது, பாரம் முழுவதும் நடுவில் ஒரே கோட்டில் இறங்கும். அதனால் தண்ணீர் வெளியேறும் முன்பே ஓரம் பிளந்துவிடுகிறது. 200 கிராம் கட்டியைப் படுக்கைவாட்டில் அறுத்து, இரண்டு விரல்கடைக்கு மேல் போகாத பலகைகளாக்குங்கள். கனம் குறைந்தால் நடுவில் இருக்கும் தண்ணீர் வெளியே வரத் தூரம் குறைவு. பழைய பருத்தி வேட்டித் துணியில் சுற்றி, ஒரு பக்கம் சற்றே உயர்த்திய தட்டில் வையுங்கள். மேலே இன்னொரு தட்டையான தட்டு, அதன் நடுவில் ஒரு கிலோ சர்க்கரைப் பாக்கெட். பத்து நிமிடம் கழித்துத் துணியை மாற்றி, இன்னும் பத்துப் பதினைந்து நிமிடம் விடுங்கள். புதுத்துணி லேசாக மட்டும் ஈரமானால் போதும். ஓரம் பிதுங்க ஆரம்பித்தால் பாரம் அதிகம் என்று அர்த்தம், அரைக் கிலோவுக்கு இறக்குங்கள். நம் கடலோரப் புழுக்கத்தில் அரை மணிக்கு மேல் வெளியில் வைக்க வேண்டாம். அதிக நேரம் வேண்டுமென்றால் தட்டோடு ஃபிரிட்ஜுக்குள் வைத்துவிடுங்கள்.

அவசரமென்றால் வேறு வழி உண்டு. துண்டுகளாக்கி, உப்புப் போட்ட கொதிநீரில் கால் மணி நேரம் ஊறவிட்டு, துணியில் ஒற்றி எடுங்கள். சூட்டில் மேல்பக்கம் இறுகி ஈரம் வெளியேறும், உப்பும் கொஞ்சம் பிடிக்கும்.

மிச்சம் கெட்டது மூன்றாம் நாளில் என்றாலும், சிக்கல் பஸ்ஸிலேயே தொடங்கியிருக்கலாம். மதுரையிலிருந்து கீழக்கரை வரும் நேரம் முழுக்க அது வெக்கையில் இருந்திருக்கிறது. 32 டிகிரிக்கு மேல் வெயில் அடித்தால், குளிரில் இருக்க வேண்டிய உணவை ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியில் வைக்கக்கூடாது. மீன் கொண்டுவருகிற மாதிரியே சின்னத் தெர்மகோல் பெட்டியில், உருகிய தண்ணீர் பாக்கெட்டில் படாதபடி ஐஸை வேறு கவரில் கட்டி எடுத்து வாருங்கள். சில சில்க்கன் அட்டை டப்பாக்களைப் பிரிக்கும்வரை வெளியில் வைக்கலாம், ஆனால் லேபிளில் அப்படிப் போட்டிருந்தால் மட்டும். உப்பிப்போன பாக்கெட்டைத் தேதி பாக்காமலே கடையில் விட்டுவிடுங்கள்.

வெட்டிய ஃபர்மைக் காற்றுப் படும்படி வைத்தால் மேல்பக்கம் காய்ந்து, பிறகு வழுவழுக்கும். மூடியுள்ள டப்பாவில் முழுவதும் மூழ்கும் அளவு ஆறவைத்த கொதிநீர் ஊற்றி, ஃபிரிட்ஜின் உள்பக்கம் வையுங்கள், கதவில் வேண்டாம். கிணற்று நீரும் உவர்ப்புத் தண்ணீரும் இதற்கு ஆகாது. தினமும் தண்ணீரை மாற்றினால் மூன்று, நான்கு நாள் வரும். சில்க்கனுக்குத் தண்ணீர் தேவையில்லை. மூடி வைத்து இரண்டு நாளுக்குள் முடித்துவிடுங்கள். கரண்ட் நான்கு மணி நேரத்துக்கு மேல் போயிருந்தால் இரண்டையுமே கொட்டிவிட வேண்டும். தண்ணீர் கலங்கி, தொட்டால் வழுக்கினாலோ, புளித்த வாடை வந்தாலோ, கழுவி வறுத்துச் சரிசெய்யப் பார்க்காதீர்கள்.

நான்கு நாளில் தீராது என்று தெரிந்தால், வாங்கிய அன்றே தண்ணீர் வடித்த ஃபர்மைத் துண்டு போட்டு ஃப்ரீசரில் வையுங்கள். உறைந்ததும் மஞ்சளாகத் தெரியும், அது கெட்டதல்ல. ஐஸ் உள்ளே துளைகள் போட்டிருக்கும், அதனால் உருகியபின் கையால் பிழிந்தாலே தண்ணீர் கொட்டும். குழம்பில் போட்டால் பஞ்சு மாதிரி புளியை இழுத்துக்கொள்ளும். ஃப்ரீசரிலிருந்து எடுத்ததை ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் ராத்திரி முழுக்க வைத்து உருகவிடுங்கள், அடுப்படி மேடையில் வேண்டாம்.