ஒன்பதாயிரமா, ஐம்பதாயிரமா? குரல் செய்தியை மொழிபெயர்க்கும்போது கேட்காத சொற்கள்

கேள்வி: என் அத்தை அனுப்பிய 41 விநாடிக் குரல் செய்தியை வழக்கறிஞருக்காக ஆங்கிலத்தில் கொடுக்க வேண்டும். தெரிந்தவர் ஒருவர் தமிழில் எழுதித் தந்துவிட்டார். நடுவில் ஆட்டோ ஹாரன் அடிப்பதால் ஒரு தொகை சரியாகக் கேட்கவில்லை. அவர் எழுதியபடியே மொழிபெயர்த்துவிடலாமா?

வேண்டாம். நீங்கள் அனுப்பிய ஒலியையும் எழுத்துப் படியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேட்டேன். படியில் இருப்பது: “அவரிடம் ஐம்பதாயிரம் கொடுத்தேன். பத்திரம் வீட்டில்தான் இருக்கிறது.” 12ஆவது விநாடியில் என் காதில் விழுவது: “…ம்பதாயிரம் குடுத்தே… பத்திர… வீட்டுலதான் இருக்கு.” எழுதியவர் அத்தையின் பேச்சைத் திருத்தமான தமிழாக்கியிருக்கிறார். ஐயம் இருந்த மூன்று இடங்களும் அந்தத் திருத்தத்தில் மறைந்துவிட்டன.

முதலாவது, தொகை. பேச்சில் ‘ஒம்பதாயிரம்’, ‘அம்பதாயிரம்’ இரண்டுக்கும் முதல் உயிரெழுத்து மட்டும்தான் வேறுபாடு. ஹாரன் விழுங்கியது அந்த ஓர் உயிரைத்தான்.

இரண்டாவது, ‘குடுத்தே’. ‘குடுத்தேன்’ என்று வேகமாகச் சொல்லும்போது கடைசி ‘ன்’ மூக்கொலியாகத் தேய்ந்துவிடும். மூக்கொலி இல்லாவிட்டால் அது ‘நீ கொடுத்தாய்’ என்பதன் பேச்சு வடிவம். அத்தை பேசுவது உங்களிடம். எனவே பணம் கொடுத்தது அத்தையா, நீங்களா என்பதே அந்தத் தேய்ந்த ஒலியில்தான் இருக்கிறது.

மூன்றாவது, ‘பத்திரம்’ என்றால் நிலப் பத்திரம் வீட்டில் இருக்கிறது. ‘பத்திரமா’ என்றால் ஏதோ ஒன்று பாதுகாப்பாக இருக்கிறது, அது எது என்று இந்த வாக்கியம் சொல்லவில்லை. சொத்து வழக்கில் இவை இரண்டும் ஒன்றல்ல.

நான் எழுதினால் ஆங்கிலத்தில் அந்த வரியின் அமைப்பு இப்படி இருக்கும். உங்களுக்காகத் தமிழிலேயே காட்டுகிறேன்:

அவரிடம் [0:12 ஒன்பதாயிரம்? / ஐம்பதாயிரம்?] [கொடுத்தேன்? / கொடுத்தாய்?]. [0:14 பத்திரம்? / பத்திரமாக?] வீட்டில்தான் இருக்கிறது.

சதுர அடைப்புக்குள் இருப்பது என் சொல், அத்தையுடையது அல்ல என்று முதல் பக்கத்திலேயே ஒரு வரி எழுதிவிடுவேன். அடிக்குறிப்பில் கேட்ட ஒலியை அப்படியே ஆங்கில எழுத்தில் பெயர்த்துத் தருவேன். தமிழ் தெரிந்த வேறொருவர் பின்னால் சரிபார்க்க அது ஒன்றுதான் வழி. செய்தியின் 31ஆவது விநாடியில் அத்தை “மீதி ஒண்ணு தரணும்” என்கிறார். மொத்தம் பத்தாயிரம், மீதி ஆயிரம் என்று எடுத்தால் ஒன்பதாயிரம் பொருந்துகிறது. ஆனால் ‘ஒண்ணு’ என்பது ஒரு தவணையாகவும் இருக்கலாம். ஆகவே இந்தக் காரணமும் அடிக்குறிப்புக்குத்தான். அதை வைத்து அடைப்பை எடுத்துவிட மாட்டேன்.

கேள்வி: கேட்காத இடத்தில் மூன்று புள்ளி வைத்தால் போதுமே? அச்சுப் புத்தகங்களில் அப்படித்தானே செய்கிறார்கள்?

பழைய நூல்களைப் பொறுத்தவரை நீங்கள் சொல்வது சரி. புறநானூற்றுப் பதிப்புகளில் சிதைந்த அடிகளைப் புள்ளியிட்டுக் காட்டுவது உண்டு. 267, 268ஆம் பாடல்கள் கிடைக்கவில்லை. அந்த எண்களை வேறு பாட்டுக்குக் கொடுக்காமல் வெறுமையாகவே விட்டிருக்கிறார்கள். எனக்கு மிகவும் பிடித்த நேர்மை அது. ஆனால் ஏட்டில் யாரும் மூச்சு வாங்குவதில்லை. குரல் செய்தியில் பேசுபவர் தயங்குகிறார், இழுக்கிறார், பாதியில் நிறுத்துகிறார். அதற்கே புள்ளிகள் தேவைப்படுகின்றன. இரண்டுக்கும் ஒரே குறியை வைத்தால், ஹாரன் அடித்த இடத்தில் அத்தை தொகையைச் சொல்லத் தயங்கினார் என்று படிப்பவர் நினைத்துவிடுவார். எதுவுமே பிடிபடாத இடத்தில் [கேட்கவில்லை, 2 விநாடி] என்று நீளத்தோடு எழுதுங்கள். ஒரு சொல் போனதா, ஒரு வாக்கியமே போனதா என்பது அதிலிருந்து தெரியும்.

கேள்வி: இரைச்சலை நீக்க எந்த மென்பொருள் நல்லது?

இந்த வேலைக்கு நான் இரைச்சல் நீக்கியை நம்புவதில்லை. மேலே சொன்ன மூக்கொலி போன்ற மெல்லிய ஒலிகளையும் அது சேர்த்துத் துடைத்துவிடக்கூடும். VLC-இல் வேகத்தை 0.75 ஆகக் குறைத்து, ஹெட்போனில் கேளுங்கள். எழுத்துப் படியை மூடி வைத்துவிட்டுக் கேட்பது முக்கியம். கண் படித்ததைத்தான் காது கேட்கும். எதைச் செய்தாலும் நகலில் செய்யுங்கள். மூலக் கோப்பு கைபடாமல் இருக்க வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63ஆவது பிரிவுப்படி மின்னணுப் பதிவுக்குச் சான்றிதழ் கொடுக்க வேண்டிவந்தால், பேச்சு அந்தக் கோப்பைப் பற்றியதாகத்தான் இருக்கும்.

கேள்வி: என் கணவர் சவூதியிலிருந்து பேசி அனுப்பினார். “அவங்க வந்து சொன்னாங்க” என்கிறார். ஆணா, பெண்ணா, ஒருவரா, பலரா என்று தெரியவில்லை. நானும் கேள்விக்குறி போட்டுவிட்டேன்.

அந்தக் கேள்விக்குறியை எடுத்துவிடுங்கள். உங்கள் கணவர் சொன்னது தெளிவாகக் கேட்கிறது அல்லவா? அந்த வேறுபாட்டைத் தமிழ் காட்டுவதில்லை, ஆங்கிலம் கேட்கிறது, சிக்கல் அவ்வளவுதான். அடைப்பு போட்டால் ஒலிப்பதிவில் குறை என்று பொருளாகிவிடும். ‘மரியாதைப் பன்மை, ஒருவராகவும் இருக்கலாம், பால் தெரியவில்லை’ என்று குறிப்பில் எழுதுங்கள். காதின் ஐயத்தையும் மொழியின் ஐயத்தையும் ஒரே குறியில் அடைத்தால் இரண்டையுமே பிரிக்க முடியாமல் போகும்.

கேள்வி: நான் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராக இருந்து ஓய்வுபெற்றவன். நீங்கள் இரண்டு ஊகங்களையும் வரிக்குள் வைப்பது தவறு. ஒவ்வொரு தரப்பும் தனக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளும். ‘கேட்கவில்லை’ என்று மட்டும் எழுதுவதே முறை. உங்கள் கருத்து?

ஐயா சொல்லும் ஆபத்து உண்மையானது. அடைப்புக்குள் முதலில் வரும் சொல்லைத்தான் மொழிபெயர்ப்பாளர் நம்புகிறார் என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். அதனால் நான் அகரவரிசையில் வைத்துப் பார்த்தேன். அதுவும் முழுமையாக உதவவில்லை. ஆனால் ‘கேட்கவில்லை’ என்று எழுதினால் அங்கே எந்தத் தொகையும் இருந்திருக்கலாம் என்றாகிறது. ‘ம்பதாயிரம்’ என்பது கேட்கிறதே, அதை எப்படி மறைப்பது? என் கேள்வியும் உங்கள் கேள்வியும் அப்படியே நிற்கின்றன. இரண்டு பேர் தனித்தனியாகக் கேட்டு, அதே இரண்டு வாசிப்புகளுக்கு வந்தால் மட்டுமே இரண்டையும் எழுதுவேன் என்பதை என் எல்லையாக வைத்திருக்கிறேன்.

கேள்வி (முதலில் கேட்டவர்): என் தம்பியையும் கேட்கச் சொன்னேன். “ஒன்பதாயிரமா என்று பார்” என்று சொல்லித்தான் கொடுத்தேன், ஆமாம் என்கிறான். இப்போது அடைப்பை எடுத்துவிடலாமா? அத்தையையே கேட்டுவிட்டால் என்ன?

தம்பியின் சாட்சி செல்லாது. விடையைச் சொல்லிவிட்டல்லவா கேட்கச் சொன்னீர்கள்? இந்தச் செய்தியைப் பற்றி எதுவும் அறியாத ஒருவரிடம் 10 முதல் 16 விநாடி வரை மட்டும் போட்டுக்காட்டி, கேட்டதை எழுதித் தரச் சொல்லுங்கள். அத்தையைத் தாராளமாகக் கேளுங்கள், இன்றைக்கே கேளுங்கள். ஆனால் அவர் “ஒன்பதாயிரம்தான்” என்று சொன்னாலும் அது இன்று அவர் சொல்வது. அன்று பதிவானது அல்ல. வரியில் அடைப்பு அப்படியே இருக்கட்டும். கீழே, இன்ன தேதியில் தொலைபேசியில் கேட்டபோது இன்ன தொகை என்று சொன்னார் என ஒரு குறிப்பு எழுதுங்கள். ‘குடுத்தே’ யார் கொடுத்தது என்பதையும் அதே அழைப்பில் மறக்காமல் கேட்டுவிடுங்கள்.