கான்கால் சுருக்கம்: நடந்தது, கணித்தது, பிடி கொடுக்காமல் சொன்னது

கேள்வி: என் மாமனார் இன்ஃபோசிஸ் பங்குகளைப் பல வருடமாக வைத்திருக்கிறார். ஒவ்வொரு காலாண்டும் முடிவுகள் வந்ததும் நிர்வாகம் ஆய்வாளர்களோடு நடத்தும் தொலைபேசிக் கூட்டமான கான்காலைப் படித்து, ஒரு பக்கத்தில் எழுதித் தரச் சொல்கிறார். நான் எழுதினால் எல்லாமே நல்ல செய்தி மாதிரி ஆகிவிடுகிறது. நடந்து முடிந்தது எது, நிறுவனம் கணித்துச் சொல்வது எது, சும்மா பட்டும் படாமலும் சொல்வது எது என்று எப்படிப் பிரிப்பது?

பதில்: முதலில் மூலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பங்குச்சந்தையைக் கண்காணிக்கும் செபியின் விதிப்படி, கூட்டத்தின் ஒலிப்பதிவை 24 மணி நேரத்துக்குள் அல்லது அடுத்த வர்த்தக நாளுக்கு முன், எது முந்தியதோ அதற்குள் நிறுவனம் வெளியிட வேண்டும். எழுத்து வடிவம் ஐந்து வேலை நாட்களுக்குள் வர வேண்டும். செய்தித் தலைப்புகளை வைத்து எழுதாதீர்கள். நீங்கள் பிரிக்க நினைக்கும் வேறுபாடு அங்கேதான் முதலில் காணாமல் போகிறது.

உங்கள் மாமனாரின் பங்கையே எடுத்துப் பார்ப்போம். இன்ஃபோசிஸ் 2023 ஏப்ரலில், 2023-24 நிதியாண்டுக்கு வருவாய் 4 முதல் 7 சதவிகிதம் வளரும் என்று கணிப்பு கொடுத்தது. நாணய மதிப்பின் ஏற்ற இறக்கத்தை நீக்கிப் பார்க்கும் கான்ஸ்டன்ட் கரன்சி கணக்கு அது. ஜூலை 20 அன்று முதல் காலாண்டு முடிவு வந்தது. போன வருடம் இதே காலாண்டைவிட வளர்ச்சி 4.2 சதவிகிதம், முந்தைய காலாண்டைவிட 1 சதவிகிதம். செயல்பாட்டு லாப விகிதம் 20.8 சதவிகிதம். பெரிய ஒப்பந்தங்கள் 2.3 பில்லியன் டாலர். அதே நாளில் முழு வருடக் கணிப்பு 1 முதல் 3.5 சதவிகிதமாகக் குறைக்கப்பட்டது. லாப விகிதக் கணிப்பு மட்டும் 20 முதல் 22 என்று மாறாமல் இருந்தது. மறுநாள் பங்கு விலை சுமார் 8 சதவிகிதம் விழுந்தது.

"4.2 சதவிகித வளர்ச்சி" என்று சுருக்கத்தின் முதல் வரியில் எழுதியிருந்தால் அது உண்மைதான். ஆனால் மாமனாருக்கு அன்று தெரிய வேண்டிய செய்தி அது இல்லை. நடந்ததையும் கணித்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு சின்னக் கணக்கு போட வேண்டும். நான்கு காலாண்டுகளும் ஏறக்குறைய ஒரே அளவு என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் காலாண்டு 4.2 வந்த பிறகும் முழு வருடம் 1 சதவிகிதம்தான் என்றால், மீதி மூன்று காலாண்டுகளில் வளர்ச்சியே கிட்டத்தட்ட இல்லை என்று பொருள். மேல் எல்லையான 3.5 வர வேண்டுமென்றால், மீதி மூன்றும் சராசரியாக 3.3 அளவுக்கு வளர வேண்டும். அறிக்கையில் எங்கும் இப்படி எழுதியிருக்க மாட்டார்கள். ஆனால் நிறுவனம் சொன்னதன் கணக்கு இதுதான். இந்த ஒரு வரி உங்கள் சுருக்கத்தில் இருந்தால், வேறு எதை விட்டாலும் பரவாயில்லை.

ஒப்பந்தத் தொகையில் நிறையப் பேர் தடுக்கி விழுகிறார்கள். கையெழுத்தானது நடந்த விஷயம்தான். ஆனால் அந்த 2.3 பில்லியன் பல வருடங்களில் கொஞ்சம் கொஞ்சமாக வரும் பணம். அதை வருவாய்க்குப் பக்கத்தில் எழுதாமல், "கையெழுத்தானது, பணம் வரும் காலம் வேறு" என்று தனி வரியில் எழுதுங்கள். ஒப்பந்தங்கள் வந்துகொண்டிருக்கும்போதே கணிப்பு குறைந்தது ஏன் என்பதற்கும் இதில் பாதி விடை இருக்கிறது. வாடிக்கையாளர்கள் அவசரமில்லாத வேலைகளை நிறுத்துகிறார்கள், முடிவெடுக்கத் தாமதிக்கிறார்கள், பெரிய ஒப்பந்தங்களின் வருவாய் வருடத்தின் பிற்பகுதியில்தான் வரும் என்பதே நிர்வாகம் சொன்ன காரணங்களின் சாரம்.

மூன்றாவது வகைதான் கஷ்டம். கேள்வி-பதில் பகுதியில்தான் அது அதிகம் வரும். "நம்பிக்கையோடு இருக்கிறோம்", "வரவிருக்கும் ஒப்பந்தங்களின் பைப்லைன் வலுவாக இருக்கிறது", "இரண்டாம் பாதி நன்றாக இருக்க வேண்டும்", "சூழல் மாறாவிட்டால்". இவற்றில் எண்ணும் இல்லை, காலக்கெடுவும் இல்லை. இதற்கு நான் வைத்திருக்கும் விதி ஒன்றுதான்: அவர்கள் போட்ட தயக்கச் சொல்லைச் சுருக்கத்திலும் அப்படியே வையுங்கள். "எதிர்பார்க்கிறோம்" என்றதை "வளரும்" என்று எழுதாதீர்கள். "ஆகலாம்" என்றதை "ஆகும்" ஆக்காதீர்கள். நிபந்தனை இருந்தால் அதுவும் கூடவே வர வேண்டும். தமிழில் ஒரே ஒரு வினைமுற்று மாறினால் போதும், யூகம் உறுதியாகிவிடும்.

இதை நான் பட்டுத்தான் கற்றேன். பங்குச்சந்தையில் இருக்கும் ஒரு சிறிய பம்ப் நிறுவனத்தின் கான்காலை என் சித்தப்பாவுக்காக எழுதினேன். அடுத்த வருடம் 20 சதவிகித வளர்ச்சி என்று எழுதிக் கொடுத்தேன். அவர் இன்னும் கொஞ்சம் பங்கு வாங்கினார். பிறகு எழுத்து வடிவத்தை எடுத்துப் பார்த்தால், அந்த 20 என்ற எண் கேள்வி கேட்ட ஆய்வாளர் வாயிலிருந்து வந்தது. நிர்வாக இயக்குநர் சொன்னது, "அந்தத் திசையில்தான் போகிறோம், எண் எதுவும் கொடுக்க மாட்டோம்" என்பது மட்டுமே. அன்றிலிருந்து எந்த எண்ணை எழுதினாலும், பக்கத்தில் யார் சொன்னது என்று ஒரு சொல் போட்டுவிடுகிறேன். ஆய்வாளர் சொன்ன எண்ணுக்கு நிர்வாகம் தலையாட்டினாலும் அது கணிப்பு ஆகாது.

இன்னொன்று. எல்லா நிறுவனமும் கணிப்பு கொடுப்பதில்லை. டிசிஎஸ் அப்படி வருவாய்க் கணிப்பு கொடுப்பதில்லை. அங்கே இரண்டாவது பகுதியில் "கொடுக்கவில்லை" என்றே எழுதுங்கள். நம்பிக்கைப் பேச்சை எடுத்து அந்த இடத்தை நிரப்பாதீர்கள்.

2023 ஜூலை கூட்டத்தை நான் எழுதியிருந்தால் இப்படி இருக்கும்:

நடந்தது: ஏப்ரல்-ஜூன் வருவாய் போன வருடத்தைவிட 4.2%, முந்தைய காலாண்டைவிட 1% கூடுதல், கான்ஸ்டன்ட் கரன்சியில். லாப விகிதம் 20.8%. கையெழுத்தான பெரிய ஒப்பந்தங்கள் 2.3 பில்லியன் டாலர், வருவாயாக மாறப் பல வருடம் ஆகும்.

கணிப்பு: முழு வருட வளர்ச்சி 1–3.5%, முன்பு 4–7%. லாப விகிதம் 20–22%, மாற்றமில்லை. கீழ் எல்லை என்றால் மீதி ஒன்பது மாதம் வளர்ச்சி கிட்டத்தட்ட பூஜ்யம். இது என் கணக்கு.

எண் இல்லாமல் சொன்னது: பெரிய ஒப்பந்தங்களின் வருவாய் பிற்பகுதியில் வரும் என்கிறார்கள். எந்தக் காலாண்டில் எவ்வளவு என்று இதில் இல்லை.

இந்தத் தாளைத் தூக்கிப் போடாமல், அடுத்த காலாண்டில் பக்கத்திலேயே வையுங்கள். அந்த வருடம் அக்டோபரில் கணிப்பு 1–2.5 ஆனது. ஜனவரியில் 1.5–2 ஆனது. வருட முடிவில் வந்தது 1.4 சதவிகிதம். ஜனவரியில் மூன்று மாதமே மீதி இருந்தபோது கொடுத்த கணிப்பின் கீழ் எல்லையைக்கூட அது தொடவில்லை. ஆனால் ஜூலையில் சொன்ன அகலமான எல்லைக்குள் இருந்தது. மாமனாரிடம் நான்கு தாளையும் வரிசையாக வைத்துக் காட்டுங்கள்.