இருபது மாதம் தாங்குமா?

வணக்கம் சார்,

கோவையில் சிஎன்சி இயந்திரங்கள் விற்கும் ஒரு நிறுவனத்தில் சர்வீஸ் இன்ஜினியராக இருக்கிறேன். சேர்ந்து 9 வருடம் 3 மாதம் ஆகிறது. கைக்கு வரும் சம்பளம் 78,000. பேசிக் 31,200. வேலையை விட்டுவிட்டு, சின்ன ஒர்க்‌ஷாப்களுக்கு இயந்திரப் பராமரிப்பை ஆண்டு ஒப்பந்தமாகச் செய்து தர நினைக்கிறேன். வீட்டுச் செலவு மாதம் 45,000. சேமிப்பு 9 லட்சம். அதில் 5.5 லட்சம் ஃபிக்சட் டெபாசிட், 3.5 லட்சம் மியூச்சுவல் ஃபண்ட். போன வருடம் மட்டும் 2.5 லட்சம் சேர்த்தேன். வீட்டில் மனைவி, யுகேஜி போகும் மகள், சர்க்கரை நோய் உள்ள அம்மா. 9 லட்சத்தை 45,000-ஆல் வகுத்தால் 20 மாதம் வருகிறது. சம்பளம் இல்லாமல் ஓட்ட இந்த ரன்வே போதுமா? அடுத்த மாதமே வெளியே வரலாமா?

கே., கோவை

அன்புள்ள கே.,

அடுத்த மாதம் வேண்டாம். நான்கு மாதம் கழித்து வாருங்கள். ஏன் நான்கு என்பதைக் கணக்குப் போட்டே சொல்கிறேன். உங்கள் கடிதத்தில் இருக்கும் எண்களே அதற்குப் போதும்.

முதலில் அந்த 45,000. சம்பளம் 78,000 என்றால் வருடத்துக்கு 9,36,000 வந்திருக்கிறது. அதில் சேர்ந்தது 2,50,000. மீதி 6,86,000 செலவாகிவிட்டது. அதைப் பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 57,000. நீங்கள் பொய் சொல்லவில்லை. மாதா மாதம் போகும் வாடகை, மளிகை, பால், கரண்ட் எல்லாம் சேர்ந்தால் 45,000 ஆகத்தான் இருக்கும். வருடத்துக்கு ஒருமுறை வருகிறவை அந்தப் பட்டியலில் ஏறுவதில்லை. ஜூனில் பள்ளிக் கட்டணம், தீபாவளித் துணி, எல்ஐசி பிரீமியம், வண்டி இன்சூரன்ஸ், ஊருக்குப் போய்வருவது, கல்யாண மொய். ஒவ்வொன்றும் வரும்போது 'இந்த மாதம் மட்டும் கொஞ்சம் அதிகம்' என்று தோன்றும். பன்னிரண்டு மாதமும் அப்படித்தான் தோன்றும். அதனால் நோட்டில் எழுதிக் கூட்டும் செலவை நான் நம்புவதில்லை. வந்தது எவ்வளவு, மிஞ்சியது எவ்வளவு என்று பாங்க் ஸ்டேட்மென்ட் சொல்வதே உண்மையான செலவு.

இதோடு, இதுவரை கம்பெனி கொடுத்துவந்தது இனி உங்கள் தலையில் விழும். பெட்ரோலும் போனும் 3,500 என்று வைப்போம். மருத்துவக் காப்பீடு வருடத்துக்கு 54,000 என்று வைப்போம். அம்மாவின் வயதைப் பொறுத்து இது கூடலாம், குறையலாம். மாதக் கணக்கில் 4,500. ஆக வேலையை விட்ட பிறகு உங்கள் வீட்டின் மாதச் செலவு 65,000. சம்பளம் வரும்போது ஆன செலவை விட இது அதிகம்.

இப்போது 9 லட்சத்தைப் பார்ப்போம். மியூச்சுவல் ஃபண்ட் எந்த வகை என்று நீங்கள் எழுதவில்லை. பங்கு சார்ந்ததாக இருந்தால் 3.5 லட்சத்தை 2.5 லட்சமாகத்தான் எண்ண வேண்டும். 2020 ஜனவரியிலிருந்து மார்ச்சுக்குள் நிஃப்டி மூன்றில் ஒரு பங்குக்கு மேல் விழுந்தது. பிறகு ஏறியது உண்மை, ஆனால் அந்த மார்ச்சில் பள்ளிக் கட்டணம் கட்ட வேண்டியிருந்தவர் விழுந்த விலைக்கே விற்றார். அடுத்து தொழிலுக்கான பணம். டயல் கேஜ், மெகர், லேப்டாப் என்று கருவிகளுக்கு 1.5 லட்சம். பேட்டரி, சென்சார், கேபிள் போன்ற உதிரிகளை நீங்கள் ரொக்கத்துக்கு வாங்கிக் கடனுக்குப் போடுவீர்கள். அதற்கு 1.2 லட்சம். இந்த 2.7 லட்சத்தை இன்றே தனிக் கணக்குக்கு மாற்றிவிடுங்கள். வீட்டுப் பணமும் தொழில் பணமும் ஒரே கணக்கில் கிடந்தால், மூன்றாவது மாதமே எது எதைத் தின்கிறது என்று தெரியாமல் போய்விடும். மீதி 5.3 லட்சம்.

இந்த 5.3 லட்சத்தையும் பூஜ்யம் வரை செலவழிக்க முடியாது. தொழில் சரிப்படாவிட்டால் திரும்ப வேலை தேட வேண்டும். விண்ணப்பிப்பதிலிருந்து முதல் சம்பளம் வரை மூன்று மாதம் வைத்துக்கொள்ளுங்கள். 65,000 வீதம் 1.95 லட்சம். அதைக் கழித்தால் 3.35 லட்சம்தான் உண்மையில் செலவழிக்கக்கூடிய பணம். வருமானமே வராவிட்டால் ஐந்து மாதம் தாங்கும்.

வருமானமே வராது என்று நான் சொல்லவில்லை. எப்போது வரும் என்பதுதான் விஷயம். கணபதியிலும் ஆவாரம்பாளையத்திலும் இருக்கும் ஒர்க்‌ஷாப் முதலாளிக்கு அவருடைய பெரிய வாடிக்கையாளர் 60, 90 நாள் கழித்துத்தான் கொடுப்பார். அவர் உங்களுக்கு அதற்கு முன்னால் கொடுக்க மாட்டார். முதல் மாதம் சுற்றுவீர்கள், இரண்டாவது மாதம் ஒப்பந்தம் வரும், மூன்றாவது மாத முடிவில் பில் போடுவீர்கள், பணம் கைக்கு வர ஐந்தோ ஆறோ ஆகிவிடும். அதுவரை, இயந்திரம் நின்றுபோனால் அவசரமாகக் கூப்பிடுகிறவர்கள் கையோடு கொடுக்கும் காசுதான். ஆகவே மாத வருமானம் முதல் மூன்று மாதம் 10,000, அடுத்த மூன்று 20,000, அப்புறம் 35,000, கடைசி மூன்று மாதம் 50,000 என்று வைத்துப் பாருங்கள். உங்கள் தொழிலுக்கு இது கஞ்சத்தனமான கணக்கு இல்லை. மாதா மாதம் துண்டு விழுவதைக் கூட்டினால் வருடத்துக்கு 4.35 லட்சம். முதல் மூன்று மாதத்து நிலைமையே ஆறு மாதம் நீடித்து, மற்றவை மூன்று மாதம் தள்ளிப்போனால் இன்னும் 1.65 லட்சம். மொத்தம் 6 லட்சம். கையில் இருப்பது 3.35. குறைவது 2.65 லட்சம். உங்களுக்கு வேண்டிய ரன்வே அந்த 6 லட்சம்தான். 'ஆறு மாதம்', 'ஒரு வருடம்' என்று பொதுவாகச் சொல்லும் எண்கள் உங்கள் வீட்டுக்குப் பொருந்தாது.

இனி நல்ல செய்தி. கிராஜுவிட்டியை நீங்கள் எண்ணவே இல்லை. ஐந்து வருடம் தாண்டியவருக்கு அது சட்டப்படியான உரிமை. பேசிக்கை மட்டும் வைத்துக் குறைந்தபட்சமாகப் போட்டால், அதை 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, பணியாற்றிய வருடங்களால் பெருக்க வேண்டும். உங்களுக்கு வருடத்துக்கு 18,000 வருகிறது. இன்று வெளியே வந்தால் ஒன்பது வருடத்துக்கு 1,62,000. ஆனால் ஆறு மாதத்துக்கு மேற்பட்ட பகுதியை முழு வருடமாக எண்ணுவார்கள். நான்கு மாதம் கழித்து வந்தால் 9 வருடம் 7 மாதம், அதாவது பத்து வருடம். 1,80,000 கிடைக்கும். குறைவது 85,000 ஆகச் சுருங்கிவிடும். இந்தப் பணம் கைக்கு வர ஒரு மாதத்துக்கு மேல்கூட ஆகலாம், அதனால் முதல் மாதச் செலவுக்கு இதை நம்ப வேண்டாம். வேலை தேடுவதற்கென்று ஒதுக்கிய தொகையில் போட்டு வையுங்கள். பிஎஃப் பணத்தை இந்தக் கணக்குக்குள் கொண்டுவரவே வேண்டாம், அது உங்கள் அறுபது வயதுக்கானது.

85,000-ஐ நான்கு மாதத்தில் சேர்ப்பதுதான் இனி உங்கள் வேலை. இப்போது மாதம் 21,000 மிஞ்சுகிறது. இன்னும் 9,000 குறைத்து வாழ்ந்து பாருங்கள். காப்பீட்டுக்கு 4,500 போனாலும் 25,500 சேரும். நான்கு மாதத்தில் ஒரு லட்சத்தைத் தாண்டும். 9,000 குறைக்கவே முடியவில்லை என்றால் அதுவும் இப்போதே தெரிவது நல்லது. சம்பளம் நின்ற பிறகு தெரிந்தால் வலிக்கும்.

காப்பீட்டை இந்த வாரமே எடுங்கள் என்பேன். கம்பெனி கொடுத்த குழுக் காப்பீடு பொதுவாகக் கடைசி வேலை நாளோடு முடிந்துவிடும். புதிய பாலிசியில் விபத்தைத் தவிர மற்றவற்றுக்கு முதல் 30 நாள் எதுவும் கிடைக்காது. அம்மாவின் சர்க்கரை போல ஏற்கெனவே இருக்கும் நோய்க்கு மூன்று வருடம் வரை காத்திருக்க வைக்கலாம். அந்தக் காத்திருப்பு வேலையில் இருக்கும்போதே ஓடத் தொடங்கட்டும். எச்ஆரிடம் ஒன்று கேளுங்கள்: அதே காப்பீட்டு நிறுவனத்தில் தனிநபர் பாலிசிக்கு மாற வழி இருக்கிறதா, குழுவில் கழிந்த வருடங்களைக் காத்திருப்புக் காலத்தில் கழிப்பார்களா? கேட்பதை வேலையில் இருக்கும்போதே கேளுங்கள். விண்ணப்பத்தில் சர்க்கரையை மறைக்காதீர்கள். பின்னால் ஆஸ்பத்திரி பில் வரும்போது அதைக் காரணம் காட்டியே மறுத்துவிடுவார்கள்.

பில் போடுவதில் ஒரு பொறி இருக்கிறது. சேவைத் தொழிலில் வருட விற்றுமுதல் 20 லட்சம் தாண்டும் வரை ஜிஎஸ்டி பதிவு கட்டாயமில்லை. பதிவு செய்துவிட்டால், வாடிக்கையாளர் பணம் கொடுத்தாரோ இல்லையோ, பில் போட்ட மாதத்துக்கான வரியைக் கட்டியாக வேண்டும். 50,000 பில்லுக்கு 18 சதவீதம் என்றால் 9,000. உதிரிகள் வாங்கும்போது கட்டிய வரியைக் கழிக்கலாம், ஆனாலும் மீதி உங்கள் கையிலிருந்துதான் போகும். அதனால் வாடிக்கையாளர் வற்புறுத்தும் வரை பதிவைத் தள்ளிப்போடுங்கள். சிறு தொழில் என்று அரசிடம் பதியும் உத்யம் பதிவை மட்டும் முதல் நாளே செய்துவிடுங்கள், அது இலவசம். சிறு தொழிலுக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. உரிய காலத்தில் கொடுக்காமல் பாக்கி வைத்தால் அந்த வருடம் அதைச் செலவாகக் காட்ட முடியாது என்று வருமான வரியிலும் விதி வந்திருக்கிறது. புதிதாக வந்தவர் முதல் வாடிக்கையாளர் மேல் புகார் கொடுக்கப் போவதில்லை, அது எனக்கும் தெரியும். ஆனால் மார்ச் மாதம் அவருடைய ஆடிட்டரே உங்கள் பாக்கியை நினைவூட்டுவார்.

இப்போதைய கம்பெனியின் வாடிக்கையாளருக்கு ஞாயிற்றுக்கிழமை வேலை செய்து கொடுப்பது வேண்டாம். நியமன ஆணையை ஒருமுறை முழுசாகப் படியுங்கள்.

என் அனுபவம் ஒன்று. பல வருடங்களுக்கு முன் அச்சகங்களுக்கு வடிவமைப்பு வேலை செய்து தருவதற்காக நான் வேலையை விட்டேன். எட்டு மாதப் பணம் இருந்தது. ஐந்தாவது மாதம் கையிருப்பு மூன்று மாதத்துக்குக் கீழே இறங்கியதும் தூக்கம் போனது. அந்த வாரம் ஒருவர் பாதி விலைக்குக் கேட்டார், உடனே ஒப்புக்கொண்டேன். ஏழு மாதம் அந்த ஒரே வேலையில் மாட்டிக்கொண்டேன். நல்ல விலை தரத் தயாராக இருந்த இரண்டு பேரைப் பார்க்கக்கூட நேரம் இருக்கவில்லை. பணம் தீர்வதற்கு முன்பே பயம் வந்துவிடுகிறது கே., விலை பேசுவது அந்தப் பயம்தான். உங்களுக்கு 6 லட்சம் வரை நான் கேட்பது அதனால்தான்.

வேலைக்குத் திரும்பும் எல்லையையும் இப்போதே குறித்துவிடுங்கள். கையிருப்பு 1.95 லட்சத்தைத் தொடும் நாளில் பயோடேட்டா அனுப்பத் தொடங்குவது என்று மனைவியோடு பேசி எழுதி வையுங்கள். அதற்கு முன் ஒரு அடையாளமும் இருக்கிறது. நான்காவது மாதத்தில் 'நல்லா பண்றீங்க' என்று சொன்னவர்களை எண்ணாதீர்கள், நீங்கள் தேடிப் போகாமல் இரண்டாவது முறை கூப்பிட்டவர்களை எண்ணுங்கள். அப்படி ஐந்து ஒர்க்‌ஷாப்கூட இல்லையென்றால் அந்தப் பகுதியையோ விலையையோ உடனே மாற்ற வேண்டும்.

இந்த ஞாயிற்றுக்கிழமை இருவரும் பன்னிரண்டு மாத ஸ்டேட்மென்ட்டை எடுத்து வைத்து உட்காருங்கள். 57,000-க்கு மேல் வந்தால் எனக்கு எழுதுங்கள், நான்கு மாதம் என்பதை மறுபடி போட்டுப் பார்ப்போம்.