பால் காய்ச்சலில் மாடு சுடாது

கேள்வி: மாடுகளுக்கு வரும் நோய்களின் அறிகுறிகள் பற்றிய ஆங்கிலக் கையேடு ஒன்றை, கிராமத்தில் கறவை மாடு வைத்திருப்பவர்களுக்காகத் தமிழில் மொழிபெயர்க்கிறேன். நோய்ப் பெயர்களையும் அறிகுறிகளையும் எப்படி எழுதினால் சரியாகப் போய்ச் சேரும்? அகராதி போதுமா?

பதில்:

அகராதியை மட்டும் நம்பி ஒரு முழுக் கையேட்டைக் கெடுத்தவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன், ஈரோடு பக்கத்துக் கிராமங்களில் பால் ஊற்றுபவர்களுக்குக் கொடுப்பதற்காக இருபது பக்கக் கையேடு ஒன்று என்னிடம் வந்தது. பத்து நாளில் முடித்துக் கொடுத்துவிட்டுப் பெருமையாக இருந்தேன். அச்சுக்குப் போகும் முன் ஒரு ஊர்ப் பால் சொசைட்டித் திண்ணையில் உட்கார்ந்து நாலு பேருக்குப் படித்துக் காட்டினேன். அப்போதுதான் குட்டு வெளிப்பட்டது.

நோய்கள் எல்லாவற்றையும் சொன்னால் பதில் நீண்டுவிடும். அன்று நான் கோட்டைவிட்ட ஒரு பக்கத்தை மட்டும் விரிவாகச் சொல்கிறேன். அது பால் காய்ச்சல் பற்றிய பக்கம்.

ஆங்கிலப் பெயரில் பாலும் இருக்கிறது, காய்ச்சலும் இருக்கிறது. கால்நடைத் துறைப் பிரசுரங்களிலும் ‘பால் காய்ச்சல்’ என்றே வரும். நானும் அப்படியே தலைப்புப் போட்டேன். படித்து முடித்ததும் ஒரு அம்மா கேட்டார்: “காய்ச்சல்னா ஈரச்சாக்கு போத்தலாமுங்களா?” அந்தப் பக்கத்தை நான் தமிழில் எழுதிய லட்சணம் அந்த ஒரு கேள்வியில் தெரிந்துவிட்டது. ஏனென்றால் இந்த நோயில் மாடு சுடுவதே இல்லை, சில்லிட்டுப் போகும். கன்று போட்டதும் சீம்பாலுக்காக ரத்தத்திலிருந்து சுண்ணாம்புச் சத்து சட்டென்று மடிக்கு இறங்கிவிடுகிறது. எலும்பிலிருந்தும் தீனியிலிருந்தும் அந்த வேகத்துக்கு ஈடுகட்ட உடம்பால் முடியாதபோது தசைகள் வேலை செய்வதை நிறுத்துகின்றன. நல்ல மாட்டின் உடம்புச் சூடு ஏறக்குறைய 101.5 டிகிரி ஃபாரன்ஹீட் என்றால், இதில் அதற்கும் கீழே இறங்கும். ஏற்கெனவே குளிர்ந்துபோன மாட்டின் மேல் ஈரச்சாக்கைப் போர்த்தினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

அதற்காகப் பெயரைத் தூக்கிவிடவும் முடியாது. டாக்டர் அந்தப் பெயரைத்தான் சொல்வார், மருந்துக்கடைக்காரரும் அதையேதான் சொல்வார். நான் கடைசியில் செய்தது இது. தலைப்பில் விவசாயி கண்ணால் பார்ப்பதைப் போட்டேன்: ‘கன்று போட்ட மாடு எழாமல் படுத்துவிட்டால்’. அதன் கீழே முதல் வரி: ‘டாக்டர் இதைப் பால் காய்ச்சல் என்பார். பெயரில்தான் காய்ச்சல். மாட்டின் உடம்பு சுடாது, சில்லென்று இருக்கும்.’ மாடு விழுந்துவிட்ட நேரத்தில் கையேட்டைப் புரட்டுபவருக்கு நோயின் பெயர் தெரியாது. கண்ணெதிரே படுத்திருக்கும் மாடு மட்டும்தான் தெரியும். அவர் அந்தப் பக்கத்தைக் கண்டுபிடிக்க வேண்டுமென்றால் தலைப்பு அப்படித்தான் இருக்க வேண்டும்.

அடுத்தது அறிகுறிகள். என் முதல் வடிவத்தை வெட்கத்தோடு தருகிறேன்: ‘மார்பெலும்புக் கிடக்கை நிலை, தலை விலாப்புறம் திரும்பியிருத்தல், முகவாய் வறட்சி, புற முனைகளில் குளிர்ச்சி, அசைபோடும் வயிறு செயலிழத்தல்.’ ஒவ்வொரு சொல்லுக்கும் அகராதியில் ஆதாரம் காட்டுவேன். ஆனால் அதைக் கேட்டவர்கள் கோயிலில் மந்திரம் கேட்பது போல மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள், அவ்வளவுதான்.

மாற்றி எழுதியது இப்படி வந்தது: ‘மாடு நெஞ்சை ஊன்றிப் படுத்திருக்கும். கழுத்தை வளைத்துத் தலையை வயிற்றோரமாகச் சாய்த்துக்கொள்ளும். நீங்கள் நேராக இழுத்து விட்டாலும் தலை மறுபடி அங்கேயே போகும். மூக்கு நுனியில் எப்போதும் துளிர்த்திருக்கும் வேர்வை இருக்காது, காய்ந்திருக்கும். காதைக் கையால் பிடித்துப் பாருங்கள், சில்லென்று இருக்கும். அசை போடாது, சாணி போடாது.’ இடம் இரண்டு மடங்கு ஆனது. ஆனால் இதில் ஒவ்வொரு வாக்கியத்தையும் மாட்டுப் பக்கத்தில் நின்று கையாலோ கண்ணாலோ சோதிக்கலாம். விழிப்பாவை விரிவது என்ற ஒன்று மூலத்தில் இருந்தது. கட்டுத்தறியில் குண்டு பல்பு வெளிச்சத்தில் யாரும் அதைப் பார்க்கப் போவதில்லை என்பதால், டாக்டரிடம் கேட்டுக்கொண்டு விட்டுவிட்டேன். இப்படி எதையாவது விடுவதாக இருந்தால் கால்நடை மருத்துவர் ஒருவரைக் கேட்காமல் விடாதீர்கள்.

அவரிடம் உட்கார்ந்ததில் இன்னொரு நன்மையும் கிடைத்தது. கன்று போட்டபின் எழாத மாடெல்லாம் பால் காய்ச்சல் மாடு இல்லை என்றார். கன்று பெரிதாக இருந்து கஷ்டப்பட்டு ஈன்றிருந்தால், இடுப்பு நரம்பு நசுங்கிப் பின்னங்கால் ஊன்ற முடியாமல் போகும். அந்த மாடு தெளிவாகப் பார்க்கும், தீனி தின்னும், காது வெதுவெதுப்பாக இருக்கும். கடுமையான மடிநோயிலும் மாடு சோர்ந்து படுத்துக் காது குளிர்ந்துவிடுவது உண்டு. அதனால் காதைத் தொட்டதோடு நிற்காமல் மடியையும் பார்த்து, நாலு காம்பிலும் ரெண்டு பீச்சு கறந்து பால் திரிந்தோ நீர்த்தோ வருகிறதா என்று பார்க்கச் சொல்லும் வரியைச் சேர்த்தோம். மூலத்தில் இது வேறு அதிகாரத்தில் இருந்தது. படிப்பவர் அவ்வளவு தூரம் புரட்டமாட்டார்.

இப்போது ஆபத்தான இடத்துக்கு வருகிறேன். நிற்கிற, விழுங்க முடிகிற மாட்டுக்கு மட்டும் கால்சியத்தை வாய்வழி கொடுக்கலாம் என்பது மூலத்தின் கருத்து. ஆங்கிலத்தில் அந்த நிபந்தனை வாக்கியத்தின் வாலில் இருந்தது. நானும் அதை அடுத்த வாக்கியமாக்கி, ‘கால்சியம் மருந்தை வாய்வழி கொடுக்கலாம். மாடு விழுங்கக்கூடிய நிலையில் இருக்க வேண்டும்’ என்று எழுதிவிட்டேன். கேட்டவர்களில் ஒருவர் முதல் வாக்கியத்தோடு தலையாட்டிவிட்டார். மாடு படுத்துவிட்டால் மூங்கில் குழாயில் கஞ்சியோ கஷாயமோ ஊற்றுவது ஊரில் தலைமுறையாக உள்ள பழக்கம். அதற்கு என் கையேடு சான்றிதழ் கொடுத்தது போல ஆகியிருக்கும். இந்த நோயில் தொண்டைத் தசையும் தளர்ந்திருக்கும், ஊற்றுவது நுரையீரலுக்குள் போய்விடும். கால்சிய ஊசியில் பிழைத்திருக்க வேண்டிய மாடு பிறகு அதனாலேயே போய்ச் சேரும். ஆகவே கூடாததை முதலில் வைத்து, காரணத்தையும் ஒட்டியே எழுதினேன்: ‘படுத்துவிட்ட மாட்டின் வாயில் தண்ணீர், கஞ்சி, டானிக் எதையும் ஊற்றாதீர்கள். அந்த மாட்டால் விழுங்க முடியாது. ஊற்றுவது நுரையீரலுக்குப் போகும்.’ ‘தவிர்க்கவும்’, ‘பரிந்துரைக்கப்படுவதில்லை’ போன்ற சொற்களைக் கையேடு முழுக்கத் தேடித் தேடி எடுத்தேன். ‘தவிர்க்கவும்’ என்றால் முடிந்தால் செய்யாதே என்றுதான் நம் ஆட்கள் எடுத்துக்கொள்கிறார்கள்.

டாக்டர் வரும்வரை செய்ய வேண்டியதையும் அதே மாதிரிச் சொன்னோம். மாட்டை ஒருக்களித்துச் சாயவிடாமல், இரண்டு பக்கமும் வைக்கோல் மூட்டையை அண்டக்கொடுத்து நெஞ்சின் மேல் உட்காரவைக்க வேண்டும். பக்கவாட்டில் சாய்ந்தால் வயிறு உப்பி மூச்சு முட்டும். கால்சியம் பாட்டிலை ரத்தக்குழாயில் மெதுவாகத்தான் ஏற்ற வேண்டும், வேகமாக ஏற்றினால் இதயம் நின்றுவிடும். அதனால் அளவு, ஊசி இரண்டையும் விவசாயிக் கையேட்டிலிருந்து முழுக்க நீக்கச் சொன்னார் டாக்டர். எழுதிவைத்தால் யாராவது போட்டுப் பார்ப்பார்கள். எழுந்த மாட்டை முதல் ஓரிரு நாள் மடி வற்றக் கறக்கக்கூடாது, மறுபடி படுத்தால் மறுபடி டாக்டரைக் கூப்பிட வேண்டும் என்ற இரண்டு வரி மட்டும் சேர்த்தோம்.

இந்தப் பக்கத்தை விட்டால், பெயரில் கவனம் வேண்டிய இன்னொரு இடம் அடைப்பான். மழைக்காலத்தில் தொண்டை வீங்கி, கடும் காய்ச்சலோடு மூச்சு கறகறவென்று வருவது தொண்டை அடைப்பான். வெறும் அடைப்பான் என்பது ஆந்த்ராக்ஸ். பேச்சில் இரண்டையும் ‘அடைப்பான்’ என்றே சுருக்கிவிடுகிறார்கள். ஆந்த்ராக்ஸில் மாடு திடீரென்று செத்துக் கிடக்கும், மூக்கிலும் ஆசனவாயிலும் உறையாத கறுத்த ரத்தம் கசியலாம். அந்த உடலை அறுத்தால் கிருமி மண்ணில் பல வருடம் தங்கிவிடும், அறுத்தவருக்கும் தொற்றும். ஆகவே இங்கே ஆந்த்ராக்ஸ் என்ற சொல்லையும் தமிழ் எழுத்தில் போட்டேன். தனித்தமிழ் ஆர்வலர்கள் கோபித்துக்கொண்டால் பரவாயில்லை.

மற்றபடி சின்னச் சின்னச் சறுக்கல்கள். மடியின் கால்பகுதிக்கு ஆங்கிலத்தில் வரும் சொல்லை ‘காலாண்டு’ என்று எழுதிய வடிவம் ஒன்றைப் பார்த்திருக்கிறேன். ஊரில் ‘ஒரு காம்பு’ என்றால் போதும். பால் வற்றிய மாட்டை ‘உலர்ந்த பசு’ என்று எழுதாதீர்கள். வயிறு உப்புசத்தில் ‘இடப்பக்கம் வீங்கும்’ என்று எழுதியபோது ஒருவர் கேட்டார், “யாருக்கு இடப்பக்கமுங்க?” நியாயமான கேள்வி. மாட்டுக்கு முன்னால் நிற்பவருக்கு அது வலப்பக்கம். ‘மாட்டுக்குப் பின்னால் நின்று பார்த்தால் இடது பக்கம், இடுப்பெலும்புக்கு முன்னால் உள்ள பள்ளம் மேடாகிவிடும்’ என்று மாற்றினேன்.

சோதிக்கும் முறை ஒன்று சொல்கிறேன். படித்துக் காட்டிவிட்டு ‘புரிந்ததா?’ என்று கேட்காதீர்கள், எல்லோரும் புரிந்தது என்பார்கள். ஒரு மாட்டுப் பக்கத்தில் கூட்டிக்கொண்டு போய், “எங்கே தொட்டுப் பார்ப்பீங்க, காட்டுங்க” என்று கேளுங்கள். ‘வாயில் எதையும் ஊற்றாதீர்கள்’ என்ற வரியை நான் அப்படித்தான் மூன்று தடவை மாற்றினேன். முதல் தடவை, “மருந்துதானே ஊத்தக்கூடாது, தண்ணி ஊத்தலாமுல்ல” என்றார் ஒருவர். தண்ணீர், கஞ்சி, டானிக் என்று பெயர் சொல்லி எழுதியது அதற்குப் பிறகுதான்.

ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் கால்நடை ஆம்புலன்ஸ் எண் 1962 போட்டோம். அந்த எண்ணுக்கு மேலே, போனில் சொல்ல வேண்டிய வாசகத்தையும் பேச்சு வழக்கிலேயே எழுதிவைத்தோம். பால் காய்ச்சல் பக்கத்தில் இருப்பது: “மூணாம் ஈத்து மாடுங்க, நேத்து ராத்திரி கன்னு போட்டுச்சு, காலையில இருந்து எந்திரிக்கல, காது சில்லுன்னு இருக்குது, வாயில ஒண்ணும் ஊத்தல.” இவ்வளவும் காதில் விழுந்தால் வருகிறவர் கால்சியம் பாட்டிலை மறக்காமல் எடுத்துக்கொண்டு கிளம்புவார்.