மூன்று வரி சேர்விஸ் லெட்டர் ஏன் போதாது: நிலாவெளியில் வேலை செய்த மகனின் தாய்க்கு

அக்கா, நீங்கள் அனுப்பிய கடிதத்தின் படத்தைப் பார்த்தேன். "இவர் எமது ஹோட்டலில் 2022 முதல் 2024 வரை கடமையாற்றினார், நன்னடத்தை உடையவர், எதிர்காலம் சிறக்க வாழ்த்துகிறோம்." அவ்வளவுதான். கீழே ஒரு கையொப்பம், யார் போட்டது என்று பெயர் கூட இல்லை. கட்டார் ஹோட்டல்காரர்கள் இதைத் திருப்பி அனுப்பியதற்காக மகனோடு சண்டை போடாதீர்கள். பிழை அவரில் இல்லை, கடிதத்தில்தான்.

எங்கள் பக்கத்தில் வேலையை விட்டால் ஒரு சேர்விஸ் லெட்டர் தருவார்கள், அதோடு விசயம் முடிந்துவிடும். வெளிநாட்டு நிறுவனங்கள், அதிலும் இந்தியர்கள் நடத்தும் எச்.ஆர். பிரிவுகள், அதை இரண்டாகப் பிரித்துக் கேட்கும். ரிலீவிங் லெட்டர் என்பது மகன் முறையாக விலகினாரா, பாதியில் விட்டு ஓடினாரா என்பதற்கான பதில். அனுபவச் சான்றிதழ் என்பது எந்தத் திகதியிலிருந்து எந்தத் திகதி வரை என்ன வேலை செய்தார் என்பதற்கான பதில். இரண்டையும் ஒரே தாளிலும் எழுதலாம், ஆனால் இரண்டு கேள்விக்கும் பதில் இருக்க வேண்டும். உங்களுக்குக் கிடைத்த தாளில் ஒன்றுக்குமே இல்லை.

திகதியையே எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் அதிகம் அடிபடுவது அங்கேதான். "2022 முதல் 2024 வரை" என்றால் 2022 டிசம்பரில் சேர்ந்து 2024 ஜனவரியில் விலகியவரும் அப்படி எழுதலாம், 2022 ஜனவரியில் சேர்ந்து 2024 டிசம்பரில் விலகியவரும் அப்படி எழுதலாம். ஒருவருக்கு ஒரு வருடத்துக்குச் சற்றுக் கூட அனுபவம், மற்றவருக்கு மூன்று வருடம். இரண்டு வருட அனுபவம் கேட்கிற இடத்தில் உட்கார்ந்திருப்பவர் குறைந்த கணக்கைத்தான் எடுப்பார். மகனோ 2022 மே 15இல் சேர்ந்து 2024 ஆகஸ்ட் 31 வரை நின்றிருக்கிறார், இரண்டு வருடமும் மூன்றரை மாதமும். நாளும் மாதமும் போட்டிருந்தால் இந்தச் சிக்கலே வந்திராது.

அடுத்தது பதவி. முதல் ஆறு மாதம் பயிலுநர், 2022 நவம்பர் 15 முதல் வரவேற்புப் பகுதி உதவியாளர் என்று சொன்னீர்கள். இதை இரண்டு வரியாகப் பிரித்து எழுதச் சொல்லுங்கள். முழுக் காலமும் உதவியாளர் என்று எழுதிவிட்டால் நல்லதுதானே என்று உங்களுக்குத் தோன்றலாம், ஆனால் அவருடைய ஈ.பி.எஃப். நவம்பரில்தான் தொடங்குகிறது. யாராவது இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கடிதம் பொய் என்றுதான் நினைப்பார்கள். (உண்மையில் பயிற்சிக் காலம், தகுதிகாண் காலம் என்று சொல்லி ஈ.பி.எஃப். கட்டாமல் விட முடியாது, முதல் நாளிலிருந்தே தொழிலாளியின் 8 வீதமும் முதலாளியின் 12 வீதமும் போக வேண்டும். அது தொழில் திணைக்களத்துக்குக் கொண்டுபோக வேண்டிய வேறு விசயம். இந்தக் கடிதத்தைக் கையில் எடுக்கும் வரை அதை இதோடு கலக்காதீர்கள்.)

மார்கழி மழைக்கு நிலாவெளிப் பக்கம் அறைகள் காலியாகி, மூன்று வாரம் சம்பளமில்லாமல் வீட்டில் நிற்கச் சொன்னார்கள் என்றும் எழுதியிருந்தீர்கள். அது சம்பளமற்ற விடுமுறை மட்டும்தான் என்றால் வேலை முறியவில்லை, கடிதத்தில் எழுதத் தேவையில்லை. ஆனால் சில இடங்களில் சீசன் முடிய ஆளை நிறுத்திவிட்டு, ஏப்ரல் மேயில் திரும்பப் புதிதாக எடுப்பார்கள். அப்படி நடந்திருந்தால் ஒவ்வொரு காலத்தையும் தனித்தனியாகத்தான் போட வேண்டும்.

செய்த வேலையையும் நாலைந்து வரியில் எழுத வேண்டும். "வரவேற்புப் பகுதியில் கடமையாற்றினார்" என்பது போதாது. விருந்தினரைப் பதிவு செய்தது, முன்பதிவுகளைக் கணினியில் ஏற்றியது, பில் போட்டுக் காசு வாங்கியது, இரவுக் கணக்கு முடித்தது என்று அவர் கையால் செய்ததை எழுதச் சொல்லுங்கள், முழுநேர வேலை என்றும் ஒரு சொல் இருக்கட்டும். பின்னால் கனடா பக்கம் விண்ணப்பிக்கும் எண்ணம் இருந்தால் வாரத்துக்கு எத்தனை மணி நேரம், வருடச் சம்பளம் எவ்வளவு என்பதையும் இப்போதே போட்டு வாங்குவது நல்லது, அங்கே அவை கட்டாயம் கேட்கப்படும்.

விலகியதைப் பற்றிய பகுதிக்கு ஐந்து விசயம் போதும்: ராஜினாமாக் கடிதம் கொடுத்த திகதி, அது ஏற்றுக்கொள்ளப்பட்டது, கடைசி வேலை நாள், பொறுப்புகளை ஒப்படைத்துவிட்டார், கொடுக்கல் வாங்கல் பாக்கி இல்லை என்பது.

பெயர் விசயத்தில் மிகக் கவனம். மகனின் கடவுச்சீட்டில் தகப்பன் பெயர் முழுதாக இருக்கிறது, ஹோட்டல் கடிதத்தில் முதலெழுத்து மட்டும், அதுவும் வேறு எழுத்துக்கூட்டலில். கடவுச்சீட்டில் உள்ளபடியே ஆங்கிலத்தில் எழுத வேண்டும், பக்கத்தில் தேசிய அடையாள அட்டை இலக்கமும் இருந்தால் சந்தேகம் தீரும். லெட்டர்ஹெட்டில் அடித்து, திகதி போட்டு, கையொப்பமிட்டவரின் பெயர், பதவி, ஹோட்டலின் தொலைபேசி, மின்னஞ்சல், முத்திரை எல்லாம் இருக்க வேண்டும். யாருடையதோ தனிப்பட்ட கைபேசி இலக்கம் மட்டும் இருந்தால், அவர் அங்கிருந்து போய்விட்ட பிறகு விசாரித்து எடுக்கிற அழைப்பு வீணாகும்.

சரி, எப்படிக் கேட்பது? முதலில், நீங்கள் போக வேண்டாம் அக்கா, மகனே கேட்கட்டும். சின்ன ஹோட்டல்களில் எச்.ஆர். என்று தனியாக யாரும் இருக்க மாட்டார்கள். மெனேஜருக்கு இப்படியான கடிதம் எழுதிப் பழக்கமும் இருக்காது, நேரமும் இருக்காது. மூன்று வரியில் முடித்ததற்குக் காரணம் பெரும்பாலும் அதுதான், மனக்கசப்பு இல்லை. ஆகவே கடிதத்தை மகனே ஆங்கிலத்தில் தட்டச்சு செய்து, திருத்தக்கூடிய கோப்பாக மின்னஞ்சலில் அனுப்பட்டும். அதில் களவு ஒன்றும் இல்லை, உள்ளதை மட்டும் எழுதினால் சரி. மேலே இப்படி எழுதலாம்:

"வணக்கம் சேர். 2024 ஆகஸ்ட் 31 வரை வரவேற்புப் பகுதியில் வேலை செய்தேன். நீங்கள் தந்த கடிதத்துக்கு நன்றி. புதிய நிறுவனம் சேர்ந்த, விலகிய திகதிகளும் செய்த வேலையும் விபரமாகக் கேட்கிறது. உங்கள் நேரத்தை எடுக்காமல் ஒரு வரைவை இணைத்திருக்கிறேன், என் நியமனக் கடிதமும் ராஜினாமாக் கடிதமும் அதோடு இருக்கின்றன. பிழை இருந்தால் திருத்துங்கள். வருகிற வெள்ளிக்கிழமை காலை நேரில் வந்து வாங்கலாமா?"

நாள் குறித்துக் கேட்பது முக்கியம். "ஆறுதலாகத் தாருங்கள்" என்றால் ஆறுதலாகத்தான் வரும். சீசன் நேரத்தில் சனி, ஞாயிறு அங்கே போய் நிற்கவும் கூடாது.

இழுத்தடித்தால் கோபப்படாமல், "என் பக்கம் ஏதும் பாக்கி இருக்கிறதா சேர்?" என்று கேட்கட்டும். சீருடை, சாவி, முன்பணம் என்று ஏதோ ஒன்று வெளியே வரும். கொடுத்துவிட்டு, கொடுத்ததற்கு ஒரு துண்டில் கையெழுத்து வாங்கட்டும். அப்போதும் தராவிட்டால் நியமனக் கடிதம், வேலையை உறுதிப்படுத்திய கடிதம், சம்பளச் சீட்டுகள், ஈ.பி.எஃப். கணக்கு விபரம் இவற்றை ஒன்றாக வைத்து, கடிதம் கேட்டு அனுப்பிய மின்னஞ்சலின் பிரதியோடு கட்டார்காரர்களிடம் விளக்கலாம். ஏற்றுக்கொள்வது அவர்கள் விருப்பம், ஆனால் வெறுங்கையோடு நிற்பதை விட அது எவ்வளவோ மேல்.

கடிதம் கைக்கு வந்ததும் பஸ் ஏறிய பிறகு பார்க்க வேண்டாம், மெனேஜரின் மேசைக்கு முன்னாலேயே பெயரையும் இரண்டு திகதிகளையும் கடவுச்சீட்டோடும் நியமனக் கடிதத்தோடும் ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். திருத்தம் இருந்தால் அப்போதே புதிதாக அச்சடித்து வாங்க வேண்டும். பேனையால் வெட்டி எழுதிய கடிதத்தை வெளிநாட்டில் எடுக்க மாட்டார்கள்.