10,000 யூனிட் கணக்க மட்டும் வச்சு பிரேக் ஈவன் போட்டா ஏன் தப்பா வருது?

கேள்வி: போட்டோல இருக்கற காஸ்ட் டேபிள வச்சு பிரேக் ஈவன் பாயிண்டும் மார்ஜின் ஆஃப் சேஃப்டியும் கண்டுபிடிக்கணும். இடது பக்கம் நிழல் விழுந்து மங்கலா இருக்கு, அதனால வலது பக்கம் இருக்கற 10,000 யூனிட் நம்பர மட்டும் எடுத்து போட்டேன். எனக்கு 8,000 யூனிட், 20% வருது. பின்னாடி ஆன்சர் 7,500, 25%னு போட்டிருக்கு. எங்க தப்பு பண்ணேன்?

ஃபார்முலால ஒண்ணும் தப்பில்லங்க, அந்த மங்கலான பக்கத்த விட்டதுதான் தப்பு. அந்தப் பக்கம் சும்மா கம்பேர் பண்றதுக்கு போட்டதில்ல, அது இல்லாம இந்த கணக்கையே போட முடியாது.

போட்டோவ டவுன்லோட் பண்ணி பிரைட்னஸ் ஏத்தி பெருசு பண்ணி பாத்தேன். எனக்கு தெரிஞ்சது இது:

```
                        8,000 யூனிட்    10,000 யூனிட்
விற்பனை                   4,00,000        5,00,000
மூலப்பொருள்                1,28,000        1,60,000
கூலி                        72,000          90,000
மின்சாரம், மெயின்டனன்ஸ்        ?0,000          80,000
வாடகை, தேய்மானம்            75,000          75,000
ஆபீஸ் சம்பளம்                45,000          45,000
மொத்த செலவு               3,90,000        4,50,000
```

அந்த கேள்விக்குறி போட்ட இடத்துல 7ஆ 1ஆன்னு எவ்ளோ ஜூம் பண்ணாலும் தெரியல, நிழல் சரியா அது மேலயே விழுந்திருக்கு. ஆனா கண்ண சுருக்கி பாக்க வேண்டிய அவசியமே இல்ல, ஏன்னா கீழ மொத்தம் 3,90,000 தெளிவா இருக்கு. மத்த நாலு லைனையும் கூட்டினா 3,20,000, மிச்சம் 70,000, அப்ப அது 7தான். போட்டோல வர்ற டேபிள் எதுவா இருந்தாலும் நான் முதல்ல பண்றது இந்த கூட்டல்தான், கணக்கு அப்பறம். 3ம் 8ம், 1ம் 7ம், 5ம் 6ம் போட்டோல மாறி தெரியறது ரொம்ப சாதாரணம், மொத்தம் டேலி ஆகலன்னா ஏதோ ஒரு நம்பர தப்பா படிச்சிருக்கோம்னு அங்கயே தெரிஞ்சிடும்.

சரி, இப்ப உங்க 8,000 எப்படி வந்துச்சுன்னு பாப்போம். மூலப்பொருள், கூலி ரெண்டையும் மாறும் செலவா எடுத்திருக்கீங்க, 2,50,000, அதாவது யூனிட்டுக்கு 25. மீதி மூணு லைனையும் நிலையான செலவுன்னு கூட்டிட்டீங்க, 80,000 + 75,000 + 45,000 = 2,00,000. விலை 50ல 25 போனா கான்ட்ரிப்யூஷன் 25, 2,00,000ஐ 25ஆல வகுத்தா 8,000. கரெக்டா?

இப்ப அந்த இடது பக்கத்த ஒரு தடவ பாருங்க. 8,000 யூனிட் வித்தா விற்பனை 4,00,000, செலவு 3,90,000. 10,000 லாபம் நிக்குது! லாபமும் இல்ல நஷ்டமும் இல்லங்கற இடம்தான பிரேக் ஈவன், நீங்க பிரேக் ஈவன்னு சொன்ன அதே இடத்துல டேபிளே லாபம் காட்டுது. பின்னாடி ஆன்சர் குடுக்கலன்னாலும் இத வச்சே உங்க ஆன்சர் தப்புன்னு கண்டுபிடிச்சிருக்கலாம்.

பிரச்சனை பண்ற லைன் மின்சாரம், மெயின்டனன்ஸ். ஒரு செலவு எந்த வகைன்னு பேர பாத்து முடிவு பண்ணக்கூடாது, ரெண்டு அளவுலயும் அது எப்படி நடந்துக்குதுன்னு பாக்கணும். வாடகை ரெண்டு பக்கமும் 75,000, மொத்தமே மாறல, அது நிலையான செலவு. மூலப்பொருள் 1,28,000ஐ 8,000ஆல வகுத்தா 16, 1,60,000ஐ 10,000ஆல வகுத்தாலும் 16, யூனிட்டுக்கு மாறல, அது மாறும் செலவு. கூலியும் அதே மாதிரி ரெண்டு பக்கமும் 9. இப்ப மின்சாரத்த வகுத்து பாருங்க, இந்தப் பக்கம் 8.75, அந்தப் பக்கம் 8. மொத்தமும் மாறுது, யூனிட் ரேட்டும் மாறுது, அப்படின்னா ரெண்டும் கலந்த செலவு. மெஷின் ஓடினாலும் ஓடலன்னாலும் கட்ட வேண்டிய மினிமம் சார்ஜும், சர்வீஸ் கான்ட்ராக்ட்டும் ஒரு பகுதி, ஓட ஓட ஏறற யூனிட் சார்ஜ் இன்னொரு பகுதி. ஒரே ஒரு பக்கத்த வச்சு இத பிரிக்கவே முடியாது, அதனாலதான் கேள்வில ரெண்டு அளவு குடுத்திருக்காங்க.

பிரிக்கறது ரொம்ப ஈஸி. உற்பத்தி 2,000 யூனிட் ஏறினப்ப இந்த செலவு 10,000 ஏறியிருக்கு. நிலையான பகுதி ஏறாது, அதனால ஏறின 10,000மே மாறும் பகுதியோடதுதான், யூனிட்டுக்கு 5. 10,000 யூனிட்டுக்கு அது 50,000, மிச்சம் 30,000 நிலையானது.

இப்ப மறுபடி போடுங்க. மாறும் செலவு 16 + 9 + 5 = 30. நிலையான செலவு 30,000 + 75,000 + 45,000 = 1,50,000. கான்ட்ரிப்யூஷன் 50 - 30 = 20. 1,50,000ஐ 20ஆல வகுத்தா 7,500 யூனிட், விற்பனைல சொன்னா 3,75,000. சரிபாக்கணும்னா 8,000ல போட்டு பாருங்க, 7,500ஐ தாண்டி 500 யூனிட், ஒவ்வொண்ணுக்கும் 20, மொத்தம் 10,000 லாபம், டேபிள்ல இருக்கறதும் அதேதான்.

(எக்ஸாம்ல டைம் இல்லன்னா லைன் லைனா பிரிக்க வேண்டாம், மொத்த செலவுலயே இத பண்ணலாம், 4,50,000ல 3,90,000 போனா 60,000, அத 2,000ஆல வகுத்தா நேரா 30 வந்துடும். ஆனா ஸ்டெப்புக்கு மார்க் உண்டான்னு பாத்துக்கோங்க.)

ஒரு விஷயத்துல மட்டும் ஏமாறக்கூடாது. 30,000 + யூனிட்டுக்கு 5ங்கறத 8,000ல போட்டா 70,000 வருது, பாத்தீங்களா டேலி ஆயிடுச்சுன்னு சந்தோஷப்படுவோம், ஆனா ரெண்டே ரெண்டு புள்ளிய வச்சு கோடு போட்டா அந்த ரெண்டு புள்ளி வழியா அது போய்த்தான ஆகணும். வகுத்ததுல தப்பு இல்லன்னுதான் அதுக்கு அர்த்தம், செலவு நிஜமாவே நேர்கோட்டுல போகுதுன்னு அர்த்தம் இல்ல. 9,000 யூனிட்ட தாண்டினதும் எக்ஸ்ட்ராவா ஒரு மெஷின் வாடகைக்கு எடுத்திருந்தா, அந்த வாடகை மொத்தமும் இந்த முறைல மாறும் செலவு மாதிரி உள்ள கலந்துடும், நமக்கு தெரியவே தெரியாது. மூணாவதா ஒரு அளவு குடுத்திருந்தா அங்க போட்டு பாக்கறதுதான் உண்மையான டெஸ்ட்.

அடுத்து மார்ஜின் ஆஃப் சேஃப்டி. 10,000ல 7,500 போனா 2,500 யூனிட், 1,25,000 விற்பனை, 25%. இங்க நிறைய பேர் கவனிக்காத ஒண்ணு, பிரேக் ஈவன் ரெண்டு பக்கத்துக்கும் ஒண்ணுதான், ஆனா மார்ஜின் ஆஃப் சேஃப்டி நீங்க இப்ப எந்த அளவுல நிக்கறீங்கங்கறத பொறுத்து மாறும். 8,000ல நின்னா வெறும் 500 யூனிட்தான், 6.25%. அதனால எந்த விற்பனைக்குன்னு சொல்லாம வெறும் சதவீதத்த எழுதினா அது பாதி ஆன்சர். இந்தக் கேள்வில 25%னு இருக்கறதால 10,000ஐத்தான் எடுத்திருக்காங்கன்னு தெரியுது.

அந்த 25% எதுக்கு பாதுகாப்பு, எதுக்கு இல்லங்கறதையும் சொல்லிடறேன், வைவாவுல இத கேப்பாங்க. விற்கற எண்ணிக்கை 25% குறையற வரைக்கும் நஷ்டம் வராது, அவ்ளோதான். விலைய 25% குறைக்கலாம்னு அர்த்தம் இல்லவே இல்ல. இதே டேபிள்ல விலைய 10% மட்டும் குறைச்சு பாருங்க, 50 போய் 45 ஆகும், மாறும் செலவு அதே 30, கான்ட்ரிப்யூஷன் 20ல இருந்து 15க்கு விழும். 1,50,000ஐ 15ஆல வகுத்தா 10,000 யூனிட்! இருந்த மொத்த மார்ஜினும் காலி, 10,000 வித்தாலும் கையில ஒண்ணும் நிக்காது. விலை குறைஞ்சா செலவு ஒரு காசு கூட குறையாது, அந்த 5ம் முழுசா கான்ட்ரிப்யூஷன்லதான் கை வைக்கும். எண்ணிக்கை குறைஞ்சா அந்த யூனிட்டுக்கான 30 செலவும் கூடவே போயிடும், அதனாலதான் அவ்ளோ வலிக்காது.

அதுக்காக எண்ணிக்கை குறைஞ்சா லாபத்துக்கு ஒண்ணும் ஆகாதுன்னும் இல்ல. 10,000ல லாபம் 50,000. 9,000க்கு இறங்கினா 1,80,000 கான்ட்ரிப்யூஷன்ல 1,50,000 போயி 30,000தான். விற்பனை 10% இறங்கினதுக்கே லாபம் 40% போச்சு. மார்ஜின் கால்வாசின்னா லாபம் நாலு மடங்கு வேகத்துல இறங்கும், ஏறும்போதும் அதே வேகம்தான்.

கடைசியா, போட்டோங்கறதால இத சொல்றேன். நான் அக்கவுண்ட்ஸ் வேலைக்கு சேந்த புதுசுல ஒருத்தர் செலவு ஷீட்ட போட்டோ எடுத்து அனுப்பினார், மேல் ஓரம் கட் ஆயிருந்துச்சு. நான் நம்பர மட்டும் பாத்து போட்டு, பிரேக் ஈவன் ரொம்ப கம்மியா வருதேன்னு ரெண்டு தடவ செக் பண்ணி அனுப்பிட்டேன். அப்பறம் முழு ஷீட்ட பாத்தா நிலையான செலவு ஒரு மாசத்துக்கு, மாறும் செலவும் விற்பனையும் மூணு மாசத்துக்கு. ஆன்சர் மூணுல ஒரு பங்குதான் வந்திருக்கு, கூட்டல் எல்லாம் பக்காவா டேலி! கூட்டல் படிச்ச தப்ப பிடிக்கும், கட் ஆன தலைப்ப பிடிக்காது. உங்க போட்டோலயும் மேல பாதி வரி வெட்டுப்பட்டிருக்கு, ஆன்சர் 7,500ஓட ஒத்துப்போறதால இந்தத் தடவ பரவால்ல, ஆனா புக்க திறந்து அந்த வரிய ஒரு தடவ படிச்சிடுங்க, "ஆயிரத்தில்"னு ஏதாவது இருந்தா பிரேக் ஈவன் விற்பனைய அப்படியே 3,75,000னு எழுத முடியாது.